பெயர் ஒன்று, செயலி வேறு

ஈரோட்டில் சிறு மளிகைக்கடை நடத்தும் பெண்மணி ஒருவரின் திறன்பேசிக்கு, உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வழியே ஒரு செய்தி வருகிறது என்று கொள்வோம். “உங்கள் கணக்கில் சேர்ந்துள்ள ரூ.9,980 மதிப்புள்ள வெகுமதிப் புள்ளிகள் இன்றிரவுடன் காலாவதியாகின்றன. கீழுள்ள செயலியை நிறுவிப் பெற்றுக்கொள்ளவும்” என்பது செய்தி. அதன்கீழ், பாரத ஸ்டேட் வங்கியின் நீலச் சின்னத்துடன் `SBI REWARDS.apk` என்னும் கோப்பு இருக்கிறது. அனுப்பியவர் தெரிந்தவர், சின்னமும் நாள்தோறும் பார்த்துப் பழகியது. அந்த உறவினரின் வாட்ஸ்அப் கணக்கே இதுபோன்றதொரு கோப்பினால் களவாடப்பட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றாது. புள்ளிகளைத் தருவதாகக் கூறிச் செயலிக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் தாம் அனுப்புவதில்லை என்று அவ்வங்கி பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவித்துள்ளது.

கோப்பினுள் நிகழ்வது

ஆண்ட்ராய்டு திறன்பேசியில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலியும் `.apk` என்னும் வடிவில் கட்டப்பட்ட ஒரு பொதிதான். பிளே ஸ்டோர் வழியே வரும்போது இப்பொதி பயனரின் கண்ணில் படுவதில்லை. செய்தியின் இணைப்பாக வரும்போது அது தனிக் கோப்பாகத் தெரிகிறது. ஆகவே, வங்கியின் பெயரோடு இத்தகைய கோப்பு கையில் வந்து சேர்வதே முதல் அடையாளம். அதனைத் திறந்து பார்த்து ஆராய வேண்டிய தேவை இல்லை.

அப்பெண்மணி கோப்பைத் தொட்டவுடன், வாட்ஸ்அப் வழியாகச் செயலி நிறுவ அனுமதி இல்லை எனத் திறன்பேசி தடுக்கும். 2017இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இவ்வனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே கேட்கப்படுகிறது. அவர் அனுமதித்துவிட்டால் போலிச் செயலி உள்ளே நுழைந்து, குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். பின்னர் வங்கியின் பக்கம் போன்ற ஒரு திரையில் பயனர்பெயர், கடவுச்சொல், அட்டை எண் ஆகியவற்றைக் கேட்கும். அவர் தட்டச்சு செய்யும் யாவும் மோசடியாளரைச் சென்றடையும். பணம் எடுக்க எஞ்சியிருப்பது ஒருமுறைக் கடவுச்சொல் மட்டுமே. அது குறுஞ்செய்தியாக வந்தவுடன் போலிச் செயலி அதனையும் படித்து அனுப்பிவிடும். கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதவரும் பணத்தை இழப்பது இவ்வாறுதான்.

படியெடுக்க இயலாதவை

பெயர், சின்னம், நிறம், திரையின் அமைப்பு ஆகிய அனைத்தையும் எவரும் படியெடுக்கலாம். எனவே, தோற்றத்தை ஒப்பிட்டு உண்மையைக் கண்டறிய முயல்வது வீண்முயற்சி. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்னும் பழைய அறிவுரையும் இன்று போதாது. படியெடுக்க இயலாதவை வேறு.

செயலிக்குத் திரையில் தெரியும் பெயரன்றி, பொதிப்பெயர் என்னும் உட்பெயரும் உண்டு. பிளே ஸ்டோரில் ஒரு பொதிப்பெயர் ஒரே ஒரு செயலிக்குத்தான் உரியது. யோனோ எஸ்பிஐ செயலியின் பக்கத்தை இணைய உலாவியில் திறந்தால், முகவரியின் இறுதியில் அதனைக் காணலாம்:

```
play.google.com/store/apps/details?id=com.sbi.lotusintouch
```

இரண்டாவது, கையொப்பம். மறைவான ஒரு திறவுகோலால் பொதியில் எண்முறைக் கையொப்பம் இடப்படுகிறது. உண்மையான செயலி ஏற்கெனவே இருக்கும் திறன்பேசியில், அதே பொதிப்பெயருடன் ஒரு போலி வந்தால், கையொப்பம் பொருந்தாமையால் ஆண்ட்ராய்டு அதனை ஏற்க மறுக்கும். எனவேதான் போலிகள் பெரும்பாலும் வேறு பொதிப்பெயருடன் வருகின்றன. அதன் விளைவாக, ஒரே வங்கியின் சின்னம் திரையில் இரண்டாகத் தெரியலாம். சில போலிகள் நிறுவப்பட்டபின் தம் சின்னத்தையே மறைத்துக்கொள்வதும் உண்டு. எனினும், உண்மையான செயலி முன்னரே இல்லாத திறன்பேசியில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அங்கு இக்காவல் பயன்படாது.

நிறுவும் வழி

பாதுகாப்பான வழி வங்கியின் இணையதளத்திலிருந்து தொடங்குகிறது. அதன் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து, அங்குள்ள இணைப்பின் வழியே பிளே ஸ்டோருக்குச் செல்ல வேண்டும். தேடுபொறியில் தேடினால், மேலே நிற்பது விளம்பரமாக இருக்கக்கூடும். இந்திய வங்கிகளுக்கெனத் தனியாக `bank.in` என்னும் முகவரி முடிவை இந்திய ரிசர்வ் வங்கி 2025இல் அறிவித்தது. பாரத ஸ்டேட் வங்கியின் முகவரி `sbi.bank.in` ஆகும். இதனை வலப்புறமிருந்து படித்தல் வேண்டும். `sbi.bank.in.example.com` என்பதில் இறுதியில் நிற்பது வேறொன்று. `sbi-bank.in` என்பதிலோ புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு இருக்கிறது. இரண்டும் வங்கியின் முகவரிகள் அல்ல.

பிளே ஸ்டோரைப் போலவே வரையப்பட்ட பொய்ப் பக்கங்களும் உண்டு. `Install` என்பதைத் தொட்டவுடன் உலாவி ஒரு கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கினால், அது பிளே ஸ்டோர் அன்று. உண்மையான பிளே ஸ்டோரிலும் எப்போதாவது போலிகள் நுழைந்துவிடுவதால், உருவாக்குநர் பெயரைத் தொட்டு, அவருடைய பிற செயலிகளையும் காண்பது நல்லது. பெரிய வங்கியின் முதன்மைச் செயலி கோடிக்கணக்கில் பதிவிறக்கம் ஆகியிருக்கும். சில ஆயிரம் மட்டுமே எனில் அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறுவியபின் சரிபார்த்தல்

ஏற்கெனவே உள்ள செயலியைச் சோதிக்க, அமைப்புகளில் அச்செயலியின் தகவல் பக்கத்தைத் திறந்து, அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்னும் வரியைக் காண வேண்டும். பல திறன்பேசிகளில் `App installed from Google Play Store` என்று அடியில் இருக்கும். அதே அமைப்புகளில் `Install unknown apps` என்னும் பகுதியில், வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அனுமதி இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

குறுஞ்செய்தி அனுமதி கேட்பதனால் மட்டுமே ஒரு செயலியைப் போலி எனக் கூறிவிட முடியாது. வாடிக்கையாளரின் சிம் அதே கருவியில் உள்ளதா என்று சரிபார்க்க, உண்மையான வங்கிச் செயலிகளும் அதனைக் கேட்பதுண்டு. ஆனால் `Accessibility` என்னும் அனுமதி அத்தகையது அன்று. பார்வைக் குறைபாடு உடையோர் போன்றவர்களுக்கு உதவும் செயலிகளுக்காக அமைந்த அது, பிற செயலிகளின் திரையைப் படிக்கவும் பயனருக்குப் பதிலாகத் தொடவும் இடம் கொடுக்கிறது. வங்கிச் செயலி ஒன்று அதனை வற்புறுத்திக் கேட்டால் ஐயுறுவதே முறை.

நிறுவிவிட்டால்

மேற்கூறிய பெண்மணி கோப்பை நிறுவி விவரங்களையும் கொடுத்துவிட்டார் எனில், முதலில் திறன்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும். இணைய இணைப்பு முற்றிலும் அறுந்திருக்கும்வரை போலிச் செயலியால் எதையும் வெளியே அனுப்ப இயலாது. வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கின் இணைய வசதியை முடக்கச் சொல்லி, 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணிலும் புகார் அளிக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுவதும் வேறு கருவியில்தான். அதே திறன்பேசியில் மாற்றினால் புதியதும் களவாடப்படும். போலிச் செயலி நீக்க விடாமல் தடுத்தால், கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டியிருக்கும்.

இங்கு நேரம் பணமாகவே கணக்கிடப்படுகிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பில், வங்கிக்குத் தெரிவிப்பதற்கு முன் போனது அவருடையது. தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 சூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கை வகுத்தது. எனவே, புகார் அளித்த நாளையும் நேரத்தையும் புகார் எண்ணையும் அந்தப் பெண்மணி அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.