விலை குறைந்த காலணியா, நீடித்து உழைக்கும் காலணியா?

சிராங்கூன் சாலையில் 25 வெள்ளிக்கும் காலணி இருக்கிறது, 130 வெள்ளிக்கும் இருக்கிறது. எது மலிவு என்பதை விலைச்சீட்டு சொல்லாது. மொத்தச் செலவை, அணிந்த நாள்களால் வகுத்தால்தான் தெரியும்.

அலுவலகக் காலணியை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 வெள்ளி ஜோடி ஐந்து மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலைநாள் என்றால் 110 நாள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 23 காசு.

130 வெள்ளித் தோல் காலணிக்கு ஒருமுறை அடிப்பாகம் மாற்ற 40 வெள்ளி சேர்த்தால் 170 வெள்ளி. அதே 23 காசுக்கு அது இறங்கிவர சுமார் 750 நாள் அணிய வேண்டும். அதாவது, தினமும் அணிந்தால் ஏறத்தாழ 2 ஆண்டு 10 மாதம். அதற்குப் பிறகு உழைக்கும் ஒவ்வொரு நாளும்தான் லாபம்.

அவ்வளவு காலம் தாங்குமா என்பதை அடிப்பாகம் தீர்மானிக்கிறது. பசையால் மட்டும் ஒட்டிய காலணியைவிட, தைத்த காலணியில் அடிப்பாகத்தைப் பிரித்து மாற்றுவது எளிது. வெளியே தெரியும் நூல் வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம். ஆகவே, “அடிப்பாகத்தை மாற்ற முடியுமா?” என்று கடையில் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் 40 வெள்ளிக் கணக்குக்கே இடமில்லை. அடிப்பாகம் தேய்ந்த அன்றே காலணியின் ஆயுளும் முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடை குறைந்த, மெத்தென்ற அடிப்பாகங்கள் பல பாலியூரித்தேனால் ஆனவை. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. அணியாமல் வைத்திருந்தாலும் இது நிற்காது. தீபாவளிக்கு எடுத்துப் போட்ட காலணி நடக்கும்போதே உதிர்வது இதனால்தான். ரப்பர் அடிப்பாகம் இப்படிப் பொடியாவதில்லை.

திருமணங்களுக்கு மட்டும், ஆண்டுக்குப் பத்து முறை அணியும் காலணியை எடுத்துக்கொள்ளுங்கள். 130 வெள்ளி கொடுத்த அந்த ஜோடி ஐந்தாம் ஆண்டில் உதிர்ந்தால் அணிந்தது 50 முறைதான். ஒரு முறைக்கு 2 வெள்ளி 60 காசு! உயர்ந்த விலை இங்கே எதையும் மிச்சப்படுத்தவில்லை.

பழைய ஜோடியை வெளியே அணிந்து செல்லுமுன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, விரிசல் விட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது. அந்த நிலையில் பசை போட்டு ஒட்டுவதும் வீண், ஏனென்றால் பசை பிடிக்க உறுதியான பரப்பே அங்கு இருக்காது.

என் கணக்கு இப்படி முடிகிறது: தினமும் அணிவதற்கு, அடிப்பாகத்தை மாற்றக்கூடிய விலை உயர்ந்த ஜோடி. எப்போதாவது அணிவதற்கு, ரப்பர் அடிப்பாகம் கொண்ட நடுத்தர விலை ஜோடி. கோயில் வாசலில் கழற்றிவிட்டு, மழையிலும் நனைகிற செருப்புக்குச் சாதாரண ரப்பர் செருப்பே போதும்.