முகவரி தீர்ந்துபோன வைஃபை

காபிக் கடையில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். சிக்னலும் முழுசாக இருக்கிறது. ஆனாலும் போன் `Obtaining IP address` என்று காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. பக்கத்து மேஜையில் வெகுநேரமாக உட்கார்ந்திருப்பவருக்கோ வீடியோ தங்குதடையில்லாமல் ஓடுகிறது. உள்ளே இருப்பவருக்கு எல்லாம் சரியாக இருந்து, புதிதாக வருபவருக்கு மட்டும் கதவு அடைபடுகிறது என்றால் அது இணைய வேகத்தின் கோளாறு அல்ல. ரூட்டரிடம் கொடுப்பதற்கு ஐபி முகவரி மிச்சமில்லை என்று அர்த்தம்.

இதை வேகக் குறைவு என்று நினைத்து அதிக விலைக்கு வேறு பிளானுக்கு மாறும் கடைக்காரர்கள் உண்டு. அந்தப் பணம் வீண். சரிசெய்ய வேண்டியது ரூட்டருக்குள் இருக்கும் ஓர் எண்ணை. அதற்குப் பெயர் லீஸ் டைம்.

ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும் ரூட்டரிடம் முகவரி கேட்கும். கேட்பதும் கொடுப்பதும் டிஎச்சிபி என்ற முறைப்படி நடக்கின்றன. இன்றும் நாம் பின்பற்றும் அதன் விதிகள் 1997-இல் வெளியானவை. ரூட்டரிடம் ஒரு முகவரி வரிசை இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, ‘இத்தனை நேரத்துக்கு இது உனக்கு’ என்று கொடுக்கும். அந்த நேரம்தான் லீஸ் டைம். வாடிக்கையாளர் காபி குடித்துவிட்டுத் தெருவில் இறங்கியதும், நான் போகிறேன், முகவரியை எடுத்துக்கொள் என்று போன் சொல்லிவிட்டுப் போவதில்லை. சொல்வதற்கு விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் சிக்னல் எல்லையைத் தாண்டிய பிறகு சொல்ல வழியேது? சாவியைக் கொடுக்காமலே ஊருக்குப் போய்விட்டவரின் அறையை, அவர் கட்டிய வாடகை முடியும்வரை லாட்ஜ் மேனேஜர் வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதைப் போல, ரூட்டர் அந்த முகவரியைப் பூட்டி வைத்திருக்கும்.

வீட்டில் இதனால் தொல்லையில்லை. பத்துப் பதினைந்து கருவிகள், தினமும் அதே கருவிகள். அதனால்தான் பல ரூட்டர்களில் லீஸ் டைம் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று தாராளமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ரூட்டரை அப்படியே கொண்டுபோய்க் கடையில் மாட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். மணிக்கு 30 புதிய போன்கள் வருகின்றன. ஒவ்வொருவரும் சராசரியாக முக்கால் மணி நேரம் உட்காருகிறார். ரூட்டரில் `192.168.0.100` முதல் `192.168.0.199` வரை நூறு முகவரிகள், லீஸ் டைம் 24 மணி நேரம். புதிதாக ஏற்றிய ரூட்டர், ஒரு முகவரியும் இன்னும் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 10:20 மணிக்கு நூறாவது முகவரி போய்விடும். அந்த நேரத்தில் கடையில் இருப்பதென்னவோ 22, 23 போன்கள்தான். மீதி எழுபத்தேழு முகவரிகளும் போய்விட்டவர்கள் பெயரில் நாளைக் காலைவரை பூட்டிக் கிடக்கின்றன.

“அண்ணே, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுது. சாயங்காலம் மறுபடியும் அதே கதை” என்று கல்லாவில் இருப்பவர் சொன்னால், நோய் இதுதான் என்று பெரும்பாலும் உறுதி செய்துகொள்ளலாம். யார் யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியலைப் பல ரூட்டர்கள் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் பட்டியலும் போய்விடும். ரூட்டர் மறுபடி எழுந்ததும், கடையில் இருக்கும் இருபத்துச் சொச்சம் போன்கள் மட்டும் வந்து தங்கள் பழைய முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். போனவர்களின் கணக்கு அழிந்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்வது மருந்தாக வேலை செய்வது இதனால்தான். கூட்டம் தொடர்ந்து வந்தால் அந்த மருந்தின் பலன் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

எவ்வளவு லீஸ் டைம் வைக்கலாம் என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு எளிமையானது. ஒருவர் கடையில் இருக்கும் நேரத்தோடு லீஸ் டைமைக் கூட்டுங்கள். மணிக்கு வரும் புதிய போன்களால் அதைப் பெருக்குங்கள். வருவதுதான் ஒரே சமயத்தில் பூட்டப்படக்கூடிய முகவரிகளின் உச்ச அளவு. நம் கடையில் லீஸ் டைமை ஒரு மணி நேரம் ஆக்கினால் ஒன்றே முக்கால் மணியை முப்பதால் பெருக்க வேண்டும். 53 முகவரிகள். நூறில் பாதிதான். அரை மணி ஆக்கினால் 38. அதாவது 24 மணியிலிருந்து ஒரு மணிக்கு இறங்கும்போது கிடைத்த பெரிய லாபம், அதற்குக் கீழே இறங்கும்போது கிடைப்பதில்லை.

மாலையில் கூட்டம் இரண்டு மடங்கானால் ஒரு மணி நேர லீஸுக்கு 105 வரை தேவைப்படும். நூறைத் தாண்டிவிட்டது. இப்போது லீஸை இன்னும் குறைப்பதற்கு முன்னால் வரிசையை நீட்டுங்கள். நூறிலிருந்து ஆரம்பிக்கும் வரிசையை `192.168.0.20` முதல் `192.168.0.250` வரை என்று மாற்றினால் 231 முகவரிகள் கிடைக்கும். கேமரா, பிரிண்டர் எதற்காவது இந்த எல்லைக்குள் கையால் முகவரி போட்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் நீட்டி லீஸை 24 மணியிலேயே விட்டால், மதியம் மூன்று மணிக்குள் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். இரண்டையும் செய்ய வேண்டும்.

ஒரு மணி நேர லீஸ் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நடுவில் இணைப்பு அறுந்துவிடுமா? இல்லை. லீஸின் பாதி நேரம் ஆனதுமே போன் தானாக ரூட்டரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அப்போது பதில் கிடைக்காவிட்டால் முழு லீஸும் முடிவதற்குள் மறுபடி கேட்கும். முகவரி மாறாது, வீடியோ நிற்காது. உட்கார்ந்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது.

அதற்காக இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று குறைத்துவிடாதீர்கள். நூறு போன்களுக்கு இரண்டு நிமிட லீஸ் கொடுத்தால் நிமிடத்துக்கு நூறு புதுப்பித்தல் நடக்கும். ஏற்கெனவே நெரிசலான வைஃபையில் ஒரு பதில் தொலைந்தாலும் போனுக்கு மறுபடி முயல அவகாசம் மிகக் குறைவு. முகவரி தருவது தனிக் கருவியாக இருக்கும் இடங்களில், அது மூன்று நிமிடம் ஓய்ந்தாலே கடை முழுவதும் இணைப்பு போய்விடும். கடைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்குக் கீழே போக நான் எந்தக் கடைக்கும் சொல்வதில்லை.

மாற்றுவது ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் `DHCP Server` என்ற இடத்தில். `Lease Time` என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நிமிடம் என்று போட்டிருக்கிறதா, நொடி என்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே 24 மணி நேரம் ஒரு ரூட்டரில் 1440 என்றும் இன்னொன்றில் 86400 என்றும் இருக்கும். நொடி கேட்கும் கட்டத்தில் ஒரு மணி நேரம் என்று நினைத்து 60 போட்டுவிட்டால் ஒரு நிமிட லீஸ் ஆகிவிடும். ஓபன்டபிள்யுஆர்டி போட்ட ரூட்டரானால் இந்த வரிகள் போதும்:

```
uci set dhcp.lan.leasetime='1h'
uci commit dhcp
reboot
```

கடைசி வரிக்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே 24 மணி நேரத்துக்குக் கொடுத்துவிட்ட முகவரிகளை, புது எண் திரும்ப வாங்காது. பட்டியல் அழிந்தால்தான் அவை விடுபடும். அதனால் இரவு கடை மூடிய பிறகு மாற்றி, ஒருமுறை ரூட்டரை அணைத்து ஏற்றுவது நல்லது.

கணக்கு சரியாக இருந்தும் முகவரிகள் தீர்ந்தால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் போன்கள் தங்கள் உண்மையான வன்பொருள் அடையாளத்தை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புது அடையாளத்தைக் காட்டுகின்றன. ஒரே ரூட்டரில் சாதா அலைவரிசைக்கு ஒரு பெயர், ஐந்து கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் என்று வைத்திருந்தால், இரண்டிலும் மாறி மாறிச் சேரும் ஒரே போன் இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வையுங்கள். இன்னொரு கசிவு ஓடிபி கேட்கும் இலவச வைஃபை. ஓடிபி பக்கம் திறக்கவே போனுக்கு முகவரி வேண்டும். ஆகவே உள்ளே நுழையாதவரும் ஒரு முகவரியைச் செலவழிக்கிறார். கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருந்தால், முன்பு ஒருமுறை வந்துபோனவரின் போன் அவர் பையில் இருந்தபடியே சேர்ந்து முகவரி வாங்கிக்கொள்ளும்.

சமையலறையில் ஆர்டர் சீட்டு அடிக்கும் பிரிண்டரும் பில் போடும் கம்ப்யூட்டரும் இதே வரிசையில் நின்று முகவரி வாங்கினால், கூட்ட நேரத்தில் அவையும் வெளியே நிற்கும். வாடிக்கையாளர்களுக்குத் தனி நெட்வொர்க் வைத்துவிடுங்கள்.

விடுதியின் கதை வேறு. 150 மாணவர்கள், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். 300 கருவிகள். இரவு பத்து மணிக்கு எல்லோரும் அறையில்தான் இருக்கிறார்கள். வழக்கமான நெட்வொர்க்கில் மொத்தமே 254 முகவரிகள். இங்கே லீஸைப் பத்து நிமிடமாகக் குறைத்தால், மூடி வைத்த லேப்டாப்பின் முகவரியை இன்னொரு போன் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பைத் திறக்கும் மாணவருக்கு இடமிருக்காது. முன்பு இரவில் யாருக்குக் கிடைக்காது என்று தெரிந்திருந்தது, இனி யாருக்கு எப்போது போகும் என்றே தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். லீஸ் டைம் போய்விட்டவர்களிடமிருந்துதான் முகவரியை மீட்டுத் தரும். இருப்பவர்களுக்கு அது எதையும் உண்டாக்கித் தராது.

விடுதிக்கு வழி, நெட்வொர்க்கையே பெரிதாக்குவது. `255.255.255.0` என்று இருக்கும் மாஸ்க்கை `255.255.252.0` ஆக்கினால் `192.168.0.1` முதல் `192.168.3.254` வரை 1022 முகவரிகள் கிடைக்கும். கையால் முகவரி போட்ட கேமராக்களிலும் பிரிண்டர்களிலும் மாஸ்க்கை மாற்ற மறந்துவிடக் கூடாது. எளிய ரூட்டர்கள் சில இந்த மாற்றத்தை ஏற்காது. அப்படியானால் ரூட்டரைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் கொட்டினால் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் வைஃபை நேரத்தைத் தின்னும் என்பதால், பெரிய விடுதிகளில் மாடிவாரியாகப் பிரிப்பதுதான் சரி. இடம் போதுமான அளவு இருந்தால் லீஸ் 12 மணி நேரம் இருப்பதில் தவறே இல்லை.

கடையோ விடுதியோ, எதையும் மாற்றுவதற்கு முன்னால் கூட்டமான நேரத்தில் ரூட்டரின் `DHCP Client List` பக்கத்தைத் திறந்து எத்தனை முகவரிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே, இப்போது வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் வரிசை நிரம்பும் அளவுக்கு இருந்து, இரண்டாவது எண் அதில் கால்வாசி என்றால் லீஸைக் குறையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால் லீஸைத் தொட வேண்டாம், முகவரிகளைக் கூட்டுங்கள்.