சரக்கு தீர்ந்த பக்கத்துக்கு என்ன தலைப்பு?

கோயம்புத்தூரில் கிரைண்டர் விற்கும் கடைக்குப் போய் ஒரு மாடலைக் கேட்கிறீர்கள். கடைக்காரரிடம் இரண்டு விதமான பதில் உண்டு. "ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம் வந்துரும்" என்பது ஒன்று. "அந்த மாடலே இப்ப வர்றதில்லீங்க" என்பது மற்றொன்று. முதல் பதிலைக் கேட்டால் ஒரு வாரம் பொறுப்போம். இரண்டாவதைக் கேட்டால், "அப்ப பழைய மிஷினுக்கு பெல்ட்டாவது கிடைக்குமா?" என்று அடுத்த கேள்விக்குப் போவோம். இதே கடை இணையத்திலும் விற்கத் தொடங்கினால், இந்த இரண்டு பதிலும் பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. குழப்பம் தொடங்கும் இடம் பொருளின் பக்கத்தில் உள்ள இரண்டு சின்ன வரிகள்.

கூகுளில் தேடும்போது நீல எழுத்தில் தெரிவது தலைப்பு. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு வரி ஓடுவது விவரக் குறிப்பு. இரண்டும் பக்கத்தின் நிரலில் `<title>`, `<meta name="description">` என்ற இடங்களில் எழுதப்படுகின்றன. கடைக்குள் நுழைந்தவர் கண்ணில் இவை அதிகம் படுவதில்லை. வெளியே நிற்பவர் உள்ளே வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதோ பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான்.

பல கடைகளில் இந்த வரிகளை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. மென்பொருளில் ஒரு அச்சு வார்ப்பு இருக்கும்: "பொருளின் பெயர் – ஆன்லைனில் வாங்க – குறைந்த விலை – உடனடி டெலிவரி". ஆயிரம் பொருளுக்கும் அதே வால் ஒட்டிக்கொள்ளும். சரக்கு இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. தீர்ந்த நாளில்தான் அந்த வால் பொய் சொல்லத் தொடங்குகிறது. அதைப் பார்த்துப் பதறும் கடைக்காரர் நேர் எதிர்ப்பக்கம் பாய்கிறார். சரக்கு தீர்ந்ததும் தலைப்பின் முன்னால் "ஸ்டாக் இல்லை" என்று தானாகவே ஒட்டும்படி செய்துவிடுகிறார். நேர்மையான செயல்போலத்தான் தெரியும். ஆனால் இதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது.

கூகுள் ஒரு பக்கத்தை ஒவ்வொரு நிமிடமும் வந்து பார்ப்பதில்லை. பெரிய தளங்களுக்கு அடிக்கடி வரும். சின்னக் கடையின் ஓரத்துப் பக்கத்துக்குப் பல நாள், சில சமயம் பல வாரம் கழித்துத்தான் வரும். இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று மாதத்தின் முதல் தேதி தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றே தலைப்பு மாறுகிறது. கூகுள் வந்து பார்ப்பது 18-ஆம் தேதி. மோட்டார் வந்து, கிரைண்டர் மறுபடி அலமாரியில் ஏறுவது 20-ஆம் தேதி. தலைப்பும் அன்றே பழையபடி ஆகிவிடுகிறது. கூகுளுக்கு மட்டும் அது தெரியாது. அது அடுத்த முறை வரும்வரை, சரக்கு கையில் இருக்கும்போதே தேடல் முடிவில் "ஸ்டாக் இல்லை" என்ற பலகை தொங்கும். பொருள் இல்லாத நாட்களில் வரவேண்டிய பலகை, பொருள் வந்தபின் போய்ச் சேர்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இல்லாத பக்கத்தைக் கேட்டால் தளம் 404 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பவேண்டும். சில தளங்கள் "எல்லாம் சரி" என்னும் 200-ஐ அனுப்பிவிட்டு, பக்கத்துக்குள் "கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதி வைத்திருக்கும். கூகுள் இதை `Soft 404` என்று பெயரிட்டு, தன் பட்டியலிலிருந்து விலக்கிவிடும். இதை அது முடிவு செய்வது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துத்தான். ஆகவே தலைப்பிலும் பெரிய எழுத்திலும் "கிடைக்காது" என்று போட்டு, விலை, படம், விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பொருள் பக்கம், செத்த பக்கம்போலவே அதற்குத் தோன்றலாம். மூன்று வாரத்தில் திரும்பி வரவேண்டிய கிரைண்டர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும்.

தற்காலிகமாகத் தீர்ந்த பொருளுக்கு என் தீர்ப்பு எளிது: தலைப்பைத் தொடாதீர்கள். தலைப்பு பொருள் என்ன என்பதைச் சொல்வதற்கு. அது இன்று இருக்கிறதா என்பதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. பக்கத்தின் நிரலில், இயந்திரங்கள் படிப்பதற்கென்றே விலையும் இருப்பும் எழுதும் பகுதி அது:

```json
"offers": {
  "@type": "Offer",
  "price": "6500",
  "priceCurrency": "INR",
  "availability": "https://schema.org/OutOfStock"
}
```

இருந்தால் `InStock`, தீர்ந்தால் `OutOfStock`. சரக்கு இல்லாமலே ஆர்டர் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புவதானால் `BackOrder`. கூகுள் இதைப் படித்து, தலைப்பைக் கெடுக்காமல், இருப்பு நிலையைத் தேடல் முடிவில் தனியாகக் காட்டக்கூடும். இதையும் அது வந்து பார்த்த பிறகுதான் காட்டும் என்பது உண்மையே. ஆனால் தவறாகக் காட்டினாலும் பொருளின் பெயர் கெடுவதில்லை. பக்கம் செத்துவிட்டது என்ற சந்தேகமும் எழுவதில்லை.

விவரக் குறிப்பில் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது. "இன்றே டெலிவரி", "ரூ. 500 தள்ளுபடி இந்த வாரம் மட்டும்" என்பதுபோல நாளோடு மாறும் வாக்குறுதிகளை முதலிலேயே அதில் எழுதக்கூடாது. இரண்டு லிட்டர் கொள்ளளவு, சாய்க்கும் வசதி, உத்தரவாதம் எத்தனை வருடம், எந்த வீட்டுக்கு ஏற்றது: இவை சரக்கு தீர்ந்தாலும் மாறாதவை. வாட்ஸ்அப்பில் பகிரும் இணைப்புக்கும் இது பொருந்தும். அங்கே தெரியும் தலைப்பும் குறிப்பும் அனுப்பிய நேரத்தில் எடுத்தவை. பிறகு நீங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் குடும்பக் குழுவில் போன செய்தி மாறாது. ஆடித் தள்ளுபடி வாசகம் மார்கழியிலும் அங்கேயே கிடக்கும்.

நாம் எழுதிய குறிப்பைத்தான் கூகுள் காட்டும் என்ற உறுதியும் கிடையாது. தேடியவரின் சொல்லுக்குப் பொருத்தமாகப் பக்கத்தின் உள்ளிருந்தே ஒரு துண்டை அது எடுத்துப்போடும். அப்படி எடுக்கும்போது "வந்ததும் தெரிவிக்கவும், மின்னஞ்சலைப் பதிவு செய்க" என்ற வாசகம் மாட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வாசகம் இருக்கும் `div`-இல் `data-nosnippet` என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியும். கூகுள் அதைத் துண்டாக எடுத்துக் காட்டாது.

இனி அந்த இரண்டாவது பதில். மாடலே நின்றுபோய்விட்டது. இங்கே தலைப்பை மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் தேடி வருபவரே மாறிவிட்டார். புதிதாக வாங்க நினைப்பவர் குறைந்துகொண்டே போவார். வீட்டில் அந்த கிரைண்டரை வைத்திருப்பவர் தேடிக்கொண்டே இருப்பார்: பெல்ட் அறுந்தது, உருளைக் கல் தேய்ந்தது, மூடி உடைந்தது என்று. கிரைண்டர் போன்ற பொருளுக்கு மாடல் நின்றபிறகும் வருடக்கணக்கில் ஆயுள் இருக்கிறது.

ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கூகுளின் `Search Console`-இல் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், என்னென்ன சொல் தேடி வந்தார்கள் என்பது 16 மாதத்துக்குக் கிடைக்கும். மாடல் பெயருடன் "விலை" என்று தேடுகிறவர்கள் அதிகமா, "பெல்ட்", "ஸ்பேர்" என்று தேடுகிறவர்கள் அதிகமா? நம் எடுத்துக்காட்டில் பெல்ட்டுக்காரர்களே அதிகம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு "ஆன்லைனில் வாங்க, உடனடி டெலிவரி" என்று இருந்த தலைப்பும் குறிப்பும் இப்படி ஆகலாம்:

```html
<title>2 லிட்டர் சாய்வு கிரைண்டர், பழைய மாடல்: பெல்ட், கல், மாற்று மாடல்</title>
<meta name="description" content="இந்த மாடல் இப்போது தயாராவதில்லை. இதற்குப் பொருந்தும் பெல்ட், உருளைக் கல், மூடி கிடைக்கும். புதிய மாடலுடன் ஒப்பீடும் உண்டு.">
```

முதலில் கண்ணில் படுவது பொருளின் பெயர். தேடியவர் அதை வைத்துத்தான் தன் மிஷினை அடையாளம் காண்பார். "வாங்க" என்ற சொல் போய்விட்டது. தயாரிப்பு நின்ற செய்தி குறிப்பின் முதல் வாக்கியத்திலேயே ஒளிவுமறைவின்றி இருக்கிறது. தலைப்பை நீட்டாமல் விட்டதற்கும் காரணம் உண்டு: தமிழ் எழுத்துகள் அகலமானவை. திரையில் குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் போனால் கூகுள் வெட்டிவிடும். வெட்டுப்பட்டாலும் பொருளின் பெயர் மிஞ்சவேண்டும் என்பதால்தான் அது முன்னால் நிற்கிறது. `availability` இப்போது `https://schema.org/Discontinued` ஆகிவிடும்.

தலைப்பை மாற்றி, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டால் மறுபடி அந்த `Soft 404` பள்ளம்தான். பழைய படமும் அளவுகளும் இருக்கவேண்டும். பெல்ட் பக்கத்துக்கு இணைப்பு, பயன்பாட்டுக் கையேடு, புதிய மாடல் எதில் வேறுபடுகிறது என்ற நான்கு வரி, இவையும் வேண்டும். பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பையும் சேர்த்தே மாற்றவேண்டும். கூகுள் நாம் கொடுத்த தலைப்பை அப்படியே காட்டாமல் பக்கத்திலிருந்து வேறொன்றை எடுத்துப் போடுவதுண்டு. 2021 ஆகஸ்டில் இதற்கான முறையை மாற்றியபோது, உள்ளே தெரியும் பெரிய தலைப்பையே அதிகம் எடுக்கத் தொடங்கியது. உள்ளே "உடனே வாங்குங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தால், வெளியிலும் அதுவே தெரியக்கூடும்.

இவ்வளவு ஏன், பழைய முகவரிக்கு வருபவரை அப்படியே புதிய மாடலுக்குத் திருப்பி விட்டால் என்ன என்று கேட்கலாம். 301 என்ற நிரந்தரத் திருப்பல் அதற்குத்தான் இருக்கிறது. புதியது பழையதன் நேரடி வாரிசு, உதிரி பாகங்களும் ஒன்றே என்றால் தாராளமாகச் செய்யலாம். தலைப்புக் கவலையே போய்விடும். பெல்ட் அளவு வேறானால், பெல்ட் தேடி வந்தவரைப் புது கிரைண்டர் முன் நிறுத்துவது அவருக்கு எரிச்சல்தான். எல்லாப் பழைய பக்கத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். கூகுள் அதையும் `Soft 404` என்றே கருதும். அதே முகவரியில் தலைப்பையும் படத்தையும் மட்டும் மாற்றிப் புதிய மாடலை உட்கார வைக்கும் தந்திரமும் நடக்கிறது. பழைய மிஷினுக்கு மக்கள் கொடுத்த நட்சத்திரங்கள் எல்லாம் இன்னும் ஒருவர்கூட வாங்காத மிஷினின் தலையில் ஏறிக்கொள்ளும். வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

ஒரு வருடம் கழித்து அதே பட்டியலைத் திறந்து பாருங்கள். பெல்ட் தேடியும் யாரும் வரவில்லை, வெளியிலிருந்து யாரும் இணைப்புக் கொடுத்திருக்கவும் இல்லை என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம். அப்போது தளம் 410 என்ற எண்ணை அனுப்பவேண்டும். "இருந்தது, போய்விட்டது" என்று அதற்குப் பொருள். தளவரைபடத்திலிருந்தும் அந்த முகவரியை நீக்கவேண்டும். அந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைத்தாலும் கூகுள் காட்டப்போவதில்லை. பழைய வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டி எப்போதாவது வருகிற ஒருவருக்காக, மாடலின் பெயரையும் உதிரி பாகப் பிரிவுக்கு ஓர் இணைப்பையும் மட்டும் அங்கே விட்டுவைக்கலாம்.