லாபம் 33% ஏறியது, பங்கு 8% விழுந்தது: மார்க்கெட்டுக்கு எவ்வளவு தெரியும்?

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை. மார்க்கெட் முடிந்த பிறகு ஹெச்டிஎஃப்சி பேங்க் தன் மூன்றாம் காலாண்டு ரிசல்ட்டை வெளியிட்டது. நிகர லாபம் சுமார் 16,370 கோடி ரூபாய். முந்தைய வருடம் இதே காலாண்டைவிட 33% அதிகம். அந்தத் தலைப்பை மட்டும் பார்த்திருந்தால் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? "நாளைக்குக் காலையில 9:15-க்கு முதல் ஆளா வாங்கிடணும்." அப்படித்தானே?

மறுநாள் அந்தப் பங்கு 8%-க்கு மேல் விழுந்தது. 1,679 ரூபாயில் இருந்தது 1,537-க்கு வந்து நின்றது. சென்செக்ஸும் அன்று 1,600 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. (இன்றைக்கு சார்ட்டைத் திறந்தால் இந்த விலைகள் பாதியாகத்தான் தெரியும். 2025 ஆகஸ்ட்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததால் பழைய விலைகளையும் அதற்கேற்ப மாற்றிக் காட்டுகிறார்கள்.)

நல்ல செய்தி வந்தும் விலை ஏன் விழுந்தது? இதற்குப் பதில் தேடினால் எஃபிஷியன்ட் மார்க்கெட் ஹைபாதிசிஸ் என்ற கருத்துக்கு வந்து சேருவோம். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஃபாமா 1970-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது இது. 2013-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விஷயம் சிம்பிள்: ஒரு தகவல் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது என்றால், அதே தகவலை வைத்து நீங்கள் கூடுதல் லாபம் பார்க்க முடியாது.

எந்தத் தகவல்? அங்கேதான் மூன்று வகை வருகிறது. பழைய விலைகள் மட்டும் என்றால் வீக் ஃபார்ம். பொதுவெளியில் இருக்கும் எல்லாத் தகவலும் என்றால் செமி-ஸ்ட்ராங். கம்பெனிக்குள்ளேயே இருக்கும் ரகசியமும் சேர்த்து என்றால் ஸ்ட்ராங். மூன்றையும் இந்த ஒரு பங்கை வைத்தே பார்த்துவிடலாம்.

வீக் ஃபார்ம்: சார்ட் என்ன சொன்னது?

2023 அக்டோபர் கடைசியிலிருந்து அந்தப் பங்கு ஏறுமுகமாகத்தான் இருந்தது. ஜனவரி 16 அன்று சார்ட்டைப் பார்த்தவர் "ட்ரெண்ட் நல்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். மறுநாள் வரப்போகும் 8% சரிவுக்கான தடயம் அந்தக் கோட்டில் இல்லை.

வீக் ஃபார்ம் சொல்வது இதைத்தான். இதுவரை வந்த விலைகளில் இருக்கும் தகவல் இன்றைய விலையில் ஏற்கெனவே அடங்கிவிட்டது. காரணத்தை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 100 ரூபாய் பங்கு ஒன்று வெள்ளிக்கிழமை கண்டிப்பாக 110 ஆகும் என்று சார்ட் காட்டுகிறது என்று வையுங்கள். அதே சார்ட் எல்லார் கையிலும் இருக்கிறது. யாராவது வெள்ளி வரை காத்திருப்பாரா? வியாழக்கிழமையே வாங்குவார். அது தெரிந்த இன்னொருவர் புதன்கிழமையே வாங்குவார். கடைசியில் விலை இன்றைக்கே 110-க்குப் பக்கத்தில் போய்விடும். எல்லாருக்கும் தெரிந்த பேட்டர்ன், தெரிந்ததாலேயே காணாமல் போய்விடுகிறது.

இது நூற்றுக்கு நூறு உண்மையா என்றால், இல்லை. கடந்த சில மாதங்களாக நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் சராசரியைவிட நன்றாகச் செயல்பட்டதை ஜெகதீஷ், டிட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் அமெரிக்கப் பங்குகளை வைத்துக் காட்டினார்கள். மொமென்டம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் அது நூற்றுக்கணக்கான பங்குகளின் சராசரியில் தெரிகிற விஷயம். ஒரே பங்கில், ஐந்து நிமிட சார்ட்டில், லஞ்ச் பிரேக்கில் செய்கிற டிரேடிங்குக்கு அது ஆதாரம் ஆகாது. புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி எல்லாம் ஒவ்வொரு முறையும் கழிகிறது என்பதையும் மறக்காதீங்க. பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் 2022-23 நிதியாண்டில் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது.

செமி-ஸ்ட்ராங் ஃபார்ம்: ரிசல்ட்டைப் படித்தவருக்கு என்ன கிடைத்தது?

இப்போது அந்த 33%-க்கு வருவோம். 2023 ஜூலை 1 அன்று ஹெச்டிஎஃப்சி லிமிடெட், ஹெச்டிஎஃப்சி பேங்கோடு இணைந்தது. அதனால் புதிய காலாண்டில் இரண்டு கம்பெனிகளின் வியாபாரமும் இருந்தது. ஒப்பிட்ட பழைய காலாண்டிலோ வங்கி மட்டும்தான். லாபம் பெரிதாகத் தெரியும் என்பது இணைப்பு நடந்த அன்றே எல்லாருக்கும் தெரியும். அந்தத் தகவல் விலையில் ஏறி மாதங்கள் ஆகியிருந்தன.

அப்போ எது புதுசு? வங்கி கடன் கொடுத்துச் சம்பாதிக்கும் வட்டிக்கும் டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியை நெட் இன்ட்ரஸ்ட் மார்ஜின் என்பார்கள். இணைப்புக்கு முன் 4%-க்கு மேல் இருந்த அது, இணைப்புக்குப் பின் 3.4%-க்கு வந்திருந்தது. இந்தக் காலாண்டில் நிமிரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நிமிரவில்லை. லாபத்தின் ஒரு பகுதியும், வழக்கமான கடன் வியாபாரத்தில் வராமல், குறைந்த வரியாலும் முதலீடுகளில் கிடைத்த லாபத்தாலும் வந்திருந்தது. ஆக, வந்த செய்தி நல்லதுதான், எதிர்பார்த்த அளவுக்கு நல்லதாக இல்லை. விலை நகர்வது செய்திக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தால்தான்.

வேகத்தையும் கவனியுங்க. ரிசல்ட் வந்தது மாலையில். அன்று இரவே நியூயார்க்கில் அந்த வங்கியின் ஏடிஆர் சரிந்தது. மறுநாள் காலை 9 மணி ப்ரீ-ஓபன் நேரத்தில் ஆர்டர்கள் குவிந்தன. 9:15-க்குப் பங்கு திறந்தபோதே சரிவின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து ரிசல்ட்டை முழுசாகப் படித்து, மார்ஜின் சரியில்லை என்று சரியாகவே கண்டுபிடித்தவருக்குக்கூட, பழைய 1,679-ல் விற்க வாய்ப்பே வரவில்லை. செமி-ஸ்ட்ராங் ஃபார்ம் என்பது இதுதான்: பொதுத் தகவல் உங்கள் கைக்கு வரும்போது விலையும் கூடவே மாறி வருகிறது.

இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. ஜனவரி 18 அன்று பங்கு இன்னும் 3% அளவுக்கு விழுந்தது. முதல் நாளே எல்லாம் ஏறிவிடவில்லையோ என்று கேட்கலாம். ரிசல்ட்டுக்குப் பிறகும் விலை அதே திசையில் கொஞ்ச நாள் நகர்வதை 1968-லேயே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அந்தப் பங்கு 1,700-ஐத் தாண்டியது. ஜனவரி விலை தப்பா, ஜூலை விலை தப்பா, அல்லது இடையில் வந்த புதுத் தகவலுக்கு இரண்டுமே சரியா? இதைச் சொல்ல "சரியான விலை" எவ்வளவு என்று நமக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். அது யாரிடமும் இல்லை. எஃபிஷியன்ட் என்றால் விலை எப்போதும் சரி என்று அர்த்தம் இல்லீங்க. எந்தப் பக்கம் தப்பு என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது கஷ்டம் என்றுதான் அர்த்தம்.

ஸ்ட்ராங் ஃபார்ம்: உள்ளே இருப்பவருக்குமா லாபம் கிடைக்காது?

ஸ்ட்ராங் ஃபார்ம்படி, கம்பெனி ரகசியம் தெரிந்தவர்கூடக் கூடுதல் லாபம் பார்க்க முடியாது. இது நடைமுறையில் நிற்காது. 2008 செப்டம்பர் 23 அன்று, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே தங்கள் கம்பெனியில் 500 கோடி டாலர் போடப்போகிறது என்பதற்கு கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் குழு போன் மீட்டிங்கில் ஒப்புதல் கொடுத்தது. குழுவில் இருந்த ரஜத் குப்தா, மீட்டிங் முடிந்த கையோடு இலங்கையில் பிறந்த ஹெட்ஜ் ஃபண்ட் அதிபர் ராஜ் ராஜரத்தினத்துக்குப் போன் போட்டார். மார்க்கெட் மூடுவதற்குள் ராஜரத்தினத்தின் கேலியன் நிறுவனம் கோல்ட்மேன் பங்குகளை வாங்கியது. அறிவிப்பு வந்தது மார்க்கெட் மூடிய பிறகு. ரகசியத் தகவல் விலையில் ஏறியிருக்கவில்லை என்பதால்தான் அதற்கு மதிப்பு இருந்தது. ராஜரத்தினம் 2011-லும் குப்தா 2012-லும் இன்சைடர் டிரேடிங் வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

நம் ஊர் சட்டமும் ஸ்ட்ராங் ஃபார்மை நம்புவதில்லை. பட்டியலிட்ட கம்பெனிகளில் முக்கியத் தகவல் தெரிய வாய்ப்புள்ள ஊழியர்கள், காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரை தங்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. உங்களிடம் ஈசாப் பங்குகள் இருந்து, "டிரேடிங் விண்டோ மூடியிருக்கு" என்று ஹெச்ஆரிடமிருந்து மெயில் வந்தால் காரணம் இதுதான். அதை அலட்சியம் செய்யாதீங்க. இன்சைடர் டிரேடிங்குக்குக் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய்.

டெலிகிராமில் வரும் "உள்ளே இருந்து வந்த நியூஸ்" டிப்ஸையும் இதே கண்ணோடு பாருங்க. அது நிஜமான ரகசியம் என்றால், அதை வைத்து வாங்குகிற நீங்களும் சட்டத்தில் மாட்டுவீர்கள். பொய் என்றால், டிப்ஸ் கொடுத்தவர் விற்க நினைக்கிற பங்கை நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டிலும் உங்களுக்கு லாபம் இல்லை.

அப்போ நான் என்ன செய்ய?

ஒரு பங்கை வாங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "எனக்குத் தெரிந்த இந்த விஷயம் இன்னும் விலையில் ஏறவில்லை என்று நான் ஏன் நம்புகிறேன்?" நியூஸ் சேனலில் பார்த்தேன், சார்ட்டில் தெரிந்தது என்பவை பதில் ஆகாது. பெரிய ஃபண்டுகள் திரும்பிப் பார்க்காத ஒரு சின்ன கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வருடக்கணக்கில் படித்திருக்கிறேன் என்றால், அது பரிசீலிக்கத் தக்க பதில்.

அந்தப் பதில் இல்லாதவர்களுக்கு நிஃப்டி 50 மாதிரியான இண்டெக்ஸ் ஃபண்டே இந்தக் கருத்து காட்டும் வழி. அடுத்தவரைவிட அதிகத் தகவல் நம்மிடம் இல்லை என்றால், நம் கட்டுப்பாட்டில் இருப்பது செலவு மட்டும்தான். மாதம் 10,000 ரூபாய், 20 வருடம் எஸ்ஐபி போடுகிறீர்கள். போட்டது 24 லட்சம். ஒரு கணக்குக்காக வருடம் 12% கிடைப்பதாக வைத்தால் கையில் சுமார் 99.9 லட்சம். ஃபண்ட் செலவு கூடுதலாக 1% எடுத்து 11% ஆனால் சுமார் 87.4 லட்சம். வித்தியாசம் 12.5 லட்சம். கூடுதல் செலவு கேட்கும் ஃபண்ட், வருடா வருடம் குறைந்தது அந்த 1%-ஐயாவது மார்க்கெட்டைவிட அதிகமாகச் சம்பாதித்துத் தர வேண்டும். மேலே பார்த்த அந்த 9:15 போட்டியில் அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஹெச்டிஎஃப்சி பேங்கை இங்கே எடுத்தது விளக்கத்துக்காக மட்டும்தான். அதை வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.