நாற்பது முகங்களும் அடையாளம் தெரிய வேண்டும்

பன்னிரண்டாம் வகுப்பின் பிரியாவிடை விழாவுக்கு மேடைக்குப் பின்னால் ஒரு கார்ட்டூன் போஸ்டர் வைக்க வகுப்பாசிரியை நினைக்கிறார். கையில் இருப்பது வகுப்பு குரூப் போட்டோ. பிள்ளைகள் நாற்பது பேர், நான்கு வரிசை. போஸ்டர் நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் முதல் நாளிலேயே, எந்தப் போட்டோவை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 பிக்சல் அகலம் இருக்கும். பத்துப் பேர் நிற்கும் வரிசையில் ஒரு முகத்துக்கு ஏறக்குறைய 220 பிக்சல் கிடைக்கும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் அகலம் 1600 அளவுக்குச் சுருங்கி, முகம் அறுபது பிக்சலாகிவிடும். அதில் ஒரு கண் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். யாருடைய கண் என்று சொல்ல அது போதாது. எனவே ஸ்டுடியோவில் மூலக் கோப்பைப் பென் டிரைவில் வாங்க வேண்டும், அல்லது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, ஒரே சொடுக்கில் கார்ட்டூனாக்கும் ஃபில்டர். இலவச மென்பொருளான GIMP-இல் Filters > Artistic > Cartoon என்று இருக்கிறது. சுற்றியிருப்பதைவிட இருண்ட இடங்களைக் கறுப்பாக்கிக் கோடு போலக் காட்டுவதே அதன் வேலை. ஒரு பெரிய முகத்தில் இது அழகாக வரும். மைதானத்து வெயிலில் எடுத்த நாற்பது சின்ன முகங்களில், புருவத்தின் நிழலும் கண்ணும் ஒன்றாகக் கறுத்துப்போகும். மாநிறமும் கறுப்பும் கொண்ட பிள்ளைகளின் முகம்தான் இதில் முதலில் கெடுகிறது. அப்படி ஒரு போஸ்டரைப் பிள்ளைகள் முன் வைக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

கையால் வரைவதே நல்ல வழி. நினைப்பதைவிட வேலை குறைவு, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே சீருடை. நிற்கும் மாணவன், நிற்கும் மாணவி, உட்கார்ந்திருப்பவர்கள் என்று நான்கு உடல்களை வரைந்துவிட்டால் மற்றவை எல்லாம் நகல். தனித்தனியாக வரைய வேண்டியது முகம் மட்டுமே. Krita என்ற இலவச ஓவிய மென்பொருளில் போட்டோவை அடி அடுக்காக வைத்து, அதன் அடர்த்தியை நாற்பது சதவீதமாகக் குறைத்து, மேலே புதிய அடுக்கில் கோடு இழுக்கலாம். ஒரு முகத்துக்கு இருபது நிமிடம் என்றால் மொத்தம் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் நெருக்கடி இல்லை.

எல்லாக் கோட்டையும் இழுத்தால் முகம் கிழடு தட்டிவிடும். மூக்கோரத்து மடிப்பு, கண்ணுக்குக் கீழ் நிழல் இரண்டையும் விட்டுவிட வேண்டும். முடியின் வகிடு, புருவத்தின் வளைவு, தாடையின் வடிவம், சிரிப்பு, கண்ணாடி, ஜிமிக்கி, திருநீறு, ஹிஜாப்: ஒருவரை ஒருவராகக் காட்டுபவை இவைதான். தலையை உடலுக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் கார்ட்டூன் களை வந்துவிடும். ஆனால் பின்வரிசை மறையும் என்பதால் வரிசைகளைச் சற்றே விலக்கி வைக்க வேண்டும். தோலின் நிறத்தை மென்பொருள் தரும் வெளிர் ரோஜாவில் எடுக்காமல், அந்தந்தப் பிள்ளையின் கன்னத்திலிருந்தே சொட்டுக்குழாய்க் கருவியால் எடுக்க வேண்டும். தூக்கலான பல், பருமன், தழும்பு ஆகியவற்றை மிகைப்படுத்தக் கூடாது. பதினேழு வயதில் அது சுருக்கென்று தைக்கும்.

பெயர்களை மறைத்துவிட்டு, அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியரிடம் படத்தைக் காட்டலாம். அவர் தயங்கும் முகங்களை மட்டும் திருத்தினால் போதும்.

அச்சுக்கு ஆறடிக்கு நான்கடி அளவு சரியாகப் பொருந்தும், போட்டோவின் விகிதமும் அதுதான். அங்குலத்துக்கு நூறு பிக்சல் கணக்கில் 7200-க்கு 4800 என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பெயர்களை அச்சுக் கடையில் தட்டச்சு செய்யச் சொன்னால், அங்குள்ள பழைய எழுத்துருவில் ‘ஸ்ரீ’யும் ‘ஜெ’யும் சிதைந்துவிடக்கூடும். தாமே எழுதி, படத்தோடு சேர்த்து PNG கோப்பாகக் கொடுத்தால் அந்தக் கவலை இல்லை.

போட்டோ எடுத்த அன்று வராத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை மூலையில் வட்டத்துக்குள் ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கோடு தொடங்கும் முன்பே நண்பர்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கி, பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து மற்றவர்களின் அளவிலேயே வரைந்துவிடலாம். பாஸ்போர்ட் போட்டோவில் யாரும் சிரிப்பதில்லை. அதனால் அந்தப் பிள்ளை சிரிக்கும் வேறொரு படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.