LOS சிவப்பானால் சுவிட்சைத் தொடாதீர்கள்

நெட் நின்றுவிட்டதா, குட்டிகளே? முதலில் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஃபைபர் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனிருக்காது. பெரியவர்களிடம் சொல்லுங்கள், லைன்காரரைக் கூப்பிடட்டும். அந்த மெல்லிய கேபிளை மடக்காதீர்கள், கழற்றாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கழன்று கிடந்தால் அதன் முனையை உற்றுப் பார்க்கவும் கூடாது.

LOS அணைந்து, PON பச்சையாக நிலைத்து எரிந்தால் லைன் சரி. அப்போது ஈரமில்லாத கையால் சுவர் சுவிட்சை அணைத்து, 30 எண்ணிவிட்டுப் போடுங்கள். PON சற்று மின்னிவிட்டுத்தான் நிலைக்கும். 3 நிமிடம் பொறுங்கள். அதற்குள் மறுபடி அணைப்பதுதான் எங்கள் வீட்டில் வழக்கமான தப்பு, பெரியவர்களையும் சேர்த்து! ஊசித்துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனை மட்டும் குத்தாதீர்கள். நாம் வைத்த பாஸ்வேர்டே அழிந்துபோகும்.