பழைய வீட்டை விற்றால் வரி எவ்வளவு?

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் இன்று பணி ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்ட பிறகு, பெரிய வீட்டைப் பராமரிக்க இயலாமல் விற்கும் முடிவுக்கு வருகிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய மனை இன்று பல லட்சங்களுக்கு விலைபோகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் ஆதாயமா, அதற்கு எவ்வளவு வரி என்னும் கேள்வி அப்போதுதான் எழுகிறது.

வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி, ரூபாயின் மதிப்பு தேய்ந்ததால் ஏற்பட்ட வெறும் எண் உயர்வு. அதை ஆதாயமாகக் கருதுவது நியாயமல்ல என்பதால்தான், பழைய விலையை இன்றைய ரூபாய்க்கு உயர்த்திக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. இதற்காக மத்திய அரசு ஆண்டுதோறும் பணவீக்கக் குறியீட்டெண்ணை அறிவிக்கிறது. 2001-02 நிதியாண்டுக்கு 100 என்று தொடங்கும் அந்த எண், 2025-26-க்கு 376. அதாவது, 2001-இல் இருந்த 1 லட்சம் ரூபாயை இன்று 3.76 லட்சமாகக் கொள்ளலாம். இந்த எண் வீட்டு விலை உயர்வை அளப்பதன்று. நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது.

2024 ஜூலை 23-ஆம் தேதி தாக்கலான நிதிநிலை அறிக்கை இந்தச் சலுகையை நீக்கியது. அதற்கு ஈடாக, 20 சதவீதமாக இருந்த வரி 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நெடுநாள் முன்பு வீடு வாங்கியவர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, அடுத்த மாதமே ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, அந்தத் தேதிக்கு முன்பு நிலமோ கட்டடமோ வாங்கிய, இந்தியாவில் வசிப்பவரான தனிநபரும் இந்து கூட்டுக் குடும்பமும் இரு வழிகளிலும் கணக்கிட்டு, எது குறைவோ அந்த வரியைச் செலுத்தினால் போதும். குறியீட்டெண்ணால் உயர்த்தாத ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் என்பது ஒரு வழி. உயர்த்திய விலையைக் கழித்த ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்பது மற்றொரு வழி.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 1988-இல் 30 ஆயிரம் ரூபாய்க்கு 5 சென்ட் மனை வாங்கினார். 1991-இல் 2 லட்சம் செலவில் வீடு கட்டினார். 2007-08-இல் 6 லட்சம் செலவிட்டு மாடி எழுப்பினார். 2025 செப்டம்பரில் 54 லட்சத்துக்கு விற்று, தரகாக 50 ஆயிரம் கொடுத்தார். தரகைக் கழித்தால் மிஞ்சுவது 53,50,000 ரூபாய்.

இங்குதான் முதல் தவறு நேர்கிறது. 30 ஆயிரத்தையும் 2 லட்சத்தையும் கூட்டி, அந்த 2,30,000 ரூபாயை 3.76-ஆல் பெருக்குவோர் உண்டு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் அதற்கு இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. 1988-க்கும் 2001-க்கும் இடையே ஏற்பட்ட விலையேற்றம் முழுவதும் இதனால் வரிக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. நம் எடுத்துக்காட்டில் 2001-இல் மனையின் மதிப்பு 3 லட்சம், அன்றிருந்த கட்டடத்தின் மதிப்பு 4 லட்சம், ஆக 7 லட்சம் என்று கொள்வோம்.

முதல் வழியில், 53,50,000-லிருந்து 7 லட்சத்தையும் மாடிச் செலவான 6 லட்சத்தையும் கழித்தால் ஆதாயம் 40,50,000. அதில் 12.5 சதவீதம் 5,06,250 ரூபாய்.

இரண்டாம் வழியில் 7 லட்சம், 376-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கப்பட்டு 26,32,000 ஆகிறது. மாடிக்கு அது கட்டப்பட்ட ஆண்டின் எண்ணைக் கொள்ள வேண்டும். 2007-08-இன் குறியீட்டெண் 129. ஆகவே 6 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 129-ஆல் வகுக்க, 17,48,837 கிடைக்கிறது. இரண்டையும் கழித்தால் ஆதாயம் 9,69,163 மட்டுமே. அதில் 20 சதவீதம் 1,93,833 ரூபாய். முதல் வழியைவிட 3,12,417 ரூபாய் குறைவு. (இரண்டிலும் வரியின் மீது 4 சதவீத செஸ் தனியாகச் சேரும்.)

இதே வீட்டுக்கு 2001-ஆம் ஆண்டு மதிப்பை எடுக்காமல் பழைய 2,30,000 ரூபாயையே கொண்டிருந்தால், இரு வழிகளில் குறைந்த வரியே 5,47,273 ஆகியிருக்கும். மாடி கட்டியதற்கான ஆதாரம் இல்லாமல் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போனால் 5,43,600. பெருக்கல் கணக்கு யாருக்கும் சிரமமன்று. எந்தத் தொகையைப் பெருக்குகிறோம், அதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதில்தான் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பணம் அடங்கியிருக்கிறது.

2001-ஆம் ஆண்டு மதிப்பை விருப்பம்போல் உயர்த்திக்கொள்ளவும் முடியாது. முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருந்த மதிப்பு அந்தத் தேதிக்குக் கிடைக்குமானால், அதற்கு மேல் காட்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வரம்பு விதித்தது. தமிழ்நாட்டில் மனைக்கு அந்த மதிப்பு என்பது பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. எனவே, விற்பவர் முதலில் அறிய வேண்டியது தம் சர்வே எண்ணுக்கோ தெருவுக்கோ 2001 ஏப்ரல் 1 அன்று நடைமுறையில் இருந்த வழிகாட்டி மதிப்பு. இன்று வீடுகள் நிறைந்த தெரு அன்று புஞ்சை நிலமாகப் பதிவாகியிருந்தால், அந்த மதிப்பு எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாக இருக்கக்கூடும். அன்றிருந்த கட்டடத்தின் பரப்பு, வயது, கட்டுமானத் தரம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்துபூர்வ அறிக்கை பெறுவது பாதுகாப்பானது.

மாடி, கூடுதல் அறை போன்ற பின்னாள் செலவுகளுக்குக் கட்டட அனுமதி, வங்கிக் கடன் கணக்கு, ஒப்பந்தக்காரரின் ரசீது, வீட்டு வரி உயர்ந்ததைக் காட்டும் ரசீது ஆகியவை உதவும். ஆண்டுதோறும் அடித்த வெள்ளையும், ஒழுகிய குழாயை மாற்றிய செலவும் இதில் சேரா, அவை பராமரிப்பு. 2001-க்கு முன்பு செய்த விரிவாக்கத்தையும் தனியே சேர்க்கக் கூடாது. 2001-ஆம் ஆண்டு மதிப்பை எடுக்கும்போதே அது அதில் அடங்கிவிடுகிறது.

பழைய வீடு என்றாலே குறியீட்டெண் வழிதான் இலாபம் என்பது பரவலான எண்ணம். அது எப்போதும் உண்மையன்று. பின்னாள் செலவு ஏதுமில்லாத சொத்தின் விலை, 2001-ஆம் ஆண்டு மதிப்பைப்போல் ஏறத்தாழ 8.36 மடங்கு வரை உயர்ந்திருந்தால் குறியீட்டெண் வழியில் வரி குறையும். அதற்கு மேல் போயிருந்தால் 12.5 சதவீதமே மேல். 2001-இல் 7 லட்சம் மதிப்புள்ள வீடு என்றால் எல்லை சுமார் 58.5 லட்சம். மாடிச் செலவும் சேர்ந்த நம் எடுத்துக்காட்டில் அந்த எல்லை சுமார் 95 லட்சத்துக்கு நகர்கிறது. வழிகாட்டி மதிப்பு குறைவாக இருந்து, சந்தை விலை வேகமாக ஏறிய புறநகர்ப் பகுதிகளில் இந்த எல்லை எளிதில் கடக்கப்படும். ஆகவே, இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது. 2025-26 அல்லாத வேறு ஆண்டில் விற்றால், 376-க்குப் பதிலாக அந்த ஆண்டின் எண்ணைக் கொள்ள வேண்டும். எல்லையும் அதற்கேற்ப மாறும். குறியீட்டெண் வழியில் ஆதாயம் மறைந்து நட்டமாக வந்தால் வரி இல்லை. ஆனால், அந்த நட்டத்தை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ள இயலாது.

பெற்றோரிடமிருந்து வந்த வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வாரிசுக்கு விலையாகக் கொள்ளப்படுவது பெற்றோர் கொடுத்த விலை அல்லது 2001-ஆம் ஆண்டு மதிப்பு. ஆனால், குறியீட்டெண்ணை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது? சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால், வாரிசு உரிமையாளரான ஆண்டிலிருந்து என்று பொருள்படுகிறது. அப்படியானால், 2015-16-இல் தந்தையின் மறைவுக்குப் பின் வீட்டைப் பெற்ற மகளுக்கு, அந்த ஆண்டின் எண் 254 என்பதால், 7 லட்சம் 10,36,220 ஆக மட்டுமே உயரும். முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அவ்வாறு எண்ணினால் அது 26,32,000. வித்தியாசம் சுமார் 16 லட்சம் என்பதால், வாரிசுகள் இந்த இடத்தில் தணிக்கையாளரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

இந்தத் திருத்தத்தில் ஒரு குறையும் இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இரு வழித் தேர்வு கிடையாது. நாம் கண்ட அதே வீடு சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வசிக்கும் மகனுக்கு உரியதாக இருந்தால், 1,93,833 ரூபாய்க்குப் பதிலாக அவர் 5,06,250 ரூபாய் செலுத்த வேண்டும். வீடும் அதே வீடு, பணவீக்கத்தால் தேய்ந்த ரூபாயும் அதே ரூபாய். வசிப்பிடத்தைக் கொண்டு வேறுபடுத்துவதற்கு வலுவான காரணம் தெரியவில்லை. நாடாளுமன்றம் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

பதிவுத் துறைக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பு ஒவ்வொரு பழைய வீட்டின் வரியையும் நிர்ணயிக்கும் எண்ணாகிவிட்டது. அந்த மதிப்புக்குச் சான்றிட்ட நகலை, வில்லங்கச் சான்று பெறுவதுபோல் எளிதாக ஒவ்வொரு சார்-பதிவாளர் அலுவலகத்திலும் பெற வழிசெய்ய வேண்டும். விற்பவர்களோ, முன்பணம் வாங்கும் முன்பே அந்த மதிப்பையும், பின்னாளில் செய்த ஒவ்வொரு செலவுக்கும் உரிய ஆண்டையும் ஆதாரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கிரயம் முடிந்து வீடு கைமாறிய பிறகு, இருபது ஆண்டுக்கு முந்தைய ரசீதைத் தேடுவது அரிது.